கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தால்: வலி மூளைக்குப் போகும் வழி, தண்டுவடத்தில் இருக்கும் கதவு

உடலியங்கியல் வகுப்பில் வலியைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் கையில் எடுப்பது ஒரே உதாரணம்தான். இரவில் விளக்குப் போடாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறோம், கட்டில் காலில் சுண்டுவிரல் 'டக்' என்று இடிக்கிறது. மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அந்தச் சுண்டுவிரலை வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

இடித்ததும் சுளீர் என்று ஒரு வலி வருகிறது, கொஞ்சம் பொறுத்து வேறு மாதிரி ஒன்று வருகிறது. அடி ஒன்றுதானே, வலி ஏன் இரண்டு?

இரண்டும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகின்றன. வரும் வண்டிதான் வேறு வேறு.

தோலிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஏ-டெல்டா இழைக்கு மயலின் என்ற கொழுப்புறை மெல்லியதாகப் போர்த்தியிருக்கும். அதில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். சி இழை அதைவிட மெலிந்தது, உறையும் கிடையாது. அதில் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான், அதாவது நாம் நடக்கிற வேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி உயரமுள்ள ஒருவருக்குச் சுண்டுவிரலிலிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ 1.1 மீட்டர். ஏ-டெல்டா 15 மீட்டர் வேகத்தில் ஓடினால் நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சி இழை 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் ஒரு நொடிக்கு மேல் ஆகும். முதலில் வருவது கூர்மையான வலி, எந்த விரல் என்று சரியாகக் காட்டிவிடும். பின்னால் வருவது மந்தமான, பரவலான, எரிச்சல் கலந்த வலி. இடித்த கணத்தில் 'ஐயோ, இப்போது வரப்போகிறது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறோமே, அது அந்தச் சி இழை வந்து சேர்வதற்கான காத்திருப்பு.

நெற்றியில் இடித்துக்கொண்டால் இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. அங்கே தூரம் குறைவு.

தோலில் வலியை உணர்வது எது?

கறாராகச் சொன்னால், தோலில் வலி என்று எதுவும் இல்லை. அங்கே இருப்பவை வலியுணரிகள். தொடு உணர்வுக்கு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகச் சுற்றிய உறுப்புகள் எல்லாம் உண்டு. வலியுணரிக்கு அந்த அலங்காரம் கிடையாது, நரம்பு முனை வெறுமனே கிளை பிரிந்து தோலுக்குள் முடிந்திருக்கும்.

அந்த முனையின் சவ்வில் புரதத்தாலான சிறு வாயில்கள் இருக்கின்றன. அவற்றில் நன்றாகத் தெரிந்த ஒன்று டிஆர்பிவி1. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது திறக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் திறக்கும். பச்சை மிளகாய் நறுக்கிய கை 'எரிகிறது' என்கிறோம். அது உவமை இல்லை, நெருப்புச் சூட்டுக்குத் திறக்கும் அதே வாயில்தான் திறந்திருக்கிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் இதைக் கண்டுபிடித்தது. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

வாயில் திறந்ததும் நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன, மின் துடிப்பு கிளம்புகிறது. அடி பலமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாவதில்லை, துடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும்.

இன்னொன்று. இடித்த விரல் வீங்கியபின் அங்கே பிராஸ்டகிளாண்டின் போன்ற பொருள்கள் சுரந்து, இந்த வாயில்கள் இலேசில் திறக்கும்படி செய்துவிடுகின்றன. மறுநாள் செருப்பு உரசினாலே உயிர் போவது இதனால்தான். இப்யூபுரூஃபென் போன்ற மாத்திரைகள் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

கால் தானாக விலகிக்கொள்கிறது, வலி அப்புறம்தான் தெரிகிறது. மூளைக்குத் தெரியாமலா?

ஆமாம். செய்தி முதலில் இறங்கும் நிறுத்தம் தண்டுவடம். காலைத் தூக்கு என்ற கட்டளை அங்கேயே கொடுக்கப்படுகிறது. ஒரு காலைத் தூக்கினால் கீழே விழுந்துவிடாதபடி மற்றக் காலை விறைக்கச் சொல்வதும் தண்டுவடம்தான்.

சுண்டுவிரலிலிருந்து கிளம்பிய இழை வழியில் எங்கும் ஆள் மாறாது. ஒரே நியூரான், அதாவது ஒரே நரம்புச் செல், விரல் நுனியிலிருந்து தண்டுவடம் வரை ஒரே நூல். அதன் உடல் பகுதி இடுப்பெலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் அடியில் ஒரு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறி, தண்டுவடத்தின் வால் முனைக்குப் போகும். தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சி விரித்த சிறகு போல ஒரு சாம்பல் நிற வடிவம் தெரியும். அதில் முதுகுப் பக்கம் இருக்கும் இரு முனைகளுக்குப் பின்கொம்பு என்று பெயர். வலியிழைகள் பின்கொம்பின் மேலடுக்குகளில் வந்து முடிகின்றன. அங்கே குளூட்டமேட்டையும், பி-பொருள் என்ற புரதத் துணுக்கையும் கொட்டி அடுத்த நியூரானைத் தட்டியெழுப்புகின்றன. கதவு இருப்பதும் இங்கேதான்.

கதவு, கதவு என்கிறார்கள். உண்மையில் அப்படி ஒன்று இருக்கிறதா?

உறுப்பாக இல்லை, இணைப்பாக இருக்கிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் அது.

அதுவரை பலரும் நினைத்திருந்தது மணிக்கயிறு மாதிரி. இங்கே இழுத்தால் அங்கே மணி அடிக்கும், எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு சத்தம். இவர்கள் இருவரும், நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டு கயிற்றைப் பிடிக்கிறார் என்றார்கள்.

அந்த ஆள் யார்? பின்கொம்பில், மூளைக்குச் செய்தி அனுப்பும் நியூரானுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் தடுப்பு நியூரான்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவை விழித்தெழுந்தால் காபா, கிளைசின் என்ற பொருள்களைச் சுரக்கும். அவை பட்டால் வலியிழையின் முனை குறைவாகவே சுரக்கும், அனுப்பும் நியூரானும் எளிதில் எழாது. சரி, தடுப்பு நியூரானை எழுப்புவது யார்? தொடு உணர்வைக் கொண்டுவரும் ஏ-பீட்டா இழை. பருத்த, நல்ல மயலின் உறை போட்ட இழை அது. நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். தொடு செய்தியைத் தன் வழியில் மேலே அனுப்பும்போதே பக்கக் கிளை ஒன்றைப் பின்கொம்புக்குள் நீட்டித் தடுப்பு நியூரானைத் தட்டிவிடுகிறது.

இப்போது சுண்டுவிரலுக்குத் திரும்புவோம். இடித்த உடனே குனிந்து விரலைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்குகிறீர்கள், அரை நொடி ஆகிறது என்று வையுங்கள். தேய்க்கும் செய்தி 50 மீட்டர் வேகத்தில் நொடியில் நாற்பத்தைந்தில் ஒரு பங்குக்குள் தண்டுவடத்தை எட்டிவிடும். அந்நேரம் சி இழையின் செய்தி முழங்காலைக்கூடச் சரியாகத் தாண்டியிருக்காது. அது மெதுவாக ஏறி வந்து சேரும்போது கதவு பாதி சாத்தியிருக்கும்.

1965இல் வரைந்த படம் அப்படியே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய வலியிழைகள் தடுப்பு நியூரானை நேரடியாக அடக்கிக் கதவைத் திறக்கின்றன என்று அதில் ஓர் அம்பு போட்டிருந்தார்கள். அந்த அம்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தடுப்பு நியூரானும் ஒரே வகை இல்லை, பல வகை என்று தெரிந்துவிட்டது. ஆனால் தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலியைக் குறைக்கும் என்ற அடிப்படை நின்றுவிட்டது.

குழந்தை விழுந்தால் அம்மாயி 'ஒண்ணுமில்லடா' என்று தேய்த்துவிடுவார், அழுகை நின்றுவிடும். அது வெறும் சமாதானம்தானே?

சமாதானமும் உண்டு, அதற்கும் வருகிறேன். ஆனால் தேய்ப்பது தன்னளவிலேயே வேலை செய்கிறது. அதற்கு நிபந்தனைகள் இருப்பதுதான் அதற்கு நல்ல சாட்சி.

இடித்த இடத்தையோ அதை ஒட்டிய இடத்தையோ தேய்த்தால்தான் பலன். இடது கால் விரல் இடித்ததற்கு வலது தோளைத் தேய்த்தால் இந்தக் கதவு அசையாது. ஒவ்வொரு தோல் பட்டையும் தண்டுவடத்தில் தனக்கென்று உள்ள கண்டம் என்ற துண்டுக்குத்தான் செய்தி அனுப்புகிறது, கதவும் கண்டத்துக்குக் கண்டம் தனி. தேய்ப்பதை நிறுத்தினால் சற்று நேரத்தில் வலி திரும்பும். ஓங்கி அழுத்தினாலோ வலியிழைகளே எழுந்துவிடும், காரியம் கெடும். இலேசாக, விடாமல், பரவலாகத் தேய்ப்பதுதான் ஏ-பீட்டாவுக்குப் பிடித்தது. தீக்காயம், எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் தேய்க்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிசியோதெரபி நிலையங்களில் தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடும் டென்ஸ் கருவியும் இதே வேலைதான் செய்கிறது. 1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் மின்சாரத்தால் பெரிய இழைகளைத் தூண்டினால் வலி குறைகிறதா என்று முதலில் தங்கள் மீதே சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமாக நொடிக்கு 100 துடிப்பு அளவில் வைப்பார்கள். நறநறவென்று தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பட்டையை வலியுள்ள தோல் பட்டையிலேயே ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தாலும் பலருக்குக் கருவி ஓடும் நேரமும் அதற்குப் பின் கொஞ்ச நேரமும்தான். 'பத்து நாள் வைத்தால் நிரந்தரமாகப் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால், தொட்டால் தெரிவதில்லை. ஆனால் கிள்ளினால் அசிங்கமாக ஒரு எரிச்சல். இது என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு அன்றே முழு மதிப்பெண் போட்டிருக்கலாம்.

நரம்பை அழுத்தினால் முதலில் செயலிழப்பவை பருத்த இழைகள். ஏ-பீட்டா போகிறது, அடுத்து ஏ-டெல்டா. சி இழைதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அந்த நிலையில் கிள்ளினால் கூர்மையான முதல் வலி வராது, தாமதமாக ஒரு மோசமான எரிச்சல் மட்டும் வரும். கதவைச் சாத்தும் ஆள் தூங்கிவிட்டார், வலிக்கு வழி திறந்து கிடக்கிறது.

பல் மருத்துவர் போடும் ஊசி இதற்கு நேர் எதிர். உள்ளூர் மரப்பு மருந்து பெரும்பாலும் மெல்லிய இழைகளை முதலில் பிடிக்கிறது. அதனால்தான் பல்லைப் பிடுங்கும்போது வலி இல்லாமல் இழுப்பும் அழுத்தமும் மட்டும் தெரிகின்றன.

தண்டுவடத்தைத் தாண்டியபின் எந்த வழியாக மூளைக்குப் போகிறது?

பின்கொம்பில் எழுந்த இரண்டாவது நியூரான், அந்தக் கண்டத்திலோ ஒன்றிரண்டு கண்டம் மேலேயோ நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். அங்கிருந்து நேராக மேலேறி, மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸில் முடியும். தாலமஸிலிருந்து மூன்றாவது நியூரான் மூளையின் மேலடுக்கான புறணிக்கு. தொடு உணர்வு இப்படிச் செய்வதில்லை. அது வந்த பக்கத்திலேயே மேலே போய், மூளைத்தண்டின் அடியில்தான் பக்கம் மாறுகிறது.

மாறும் இடம் இப்படி வேறுபடுவதை வைத்து மருத்துவர் நோய் எங்கே என்று கண்டுபிடிக்கிறார். கத்திக்குத்தில் தண்டுவடத்தின் இடது பாதி மட்டும் வெட்டுப்பட்டவரைப் பாருங்கள். வெட்டுக்குக் கீழே இடது காலில் அசைவும் அதிர்வுணர்வும் போயிருக்கும், வலியும் சூடும் போயிருப்பது வலது காலில். தண்டுவடத்தின் நடுவில் குழிப்பை வளரும் சிரிங்கோமைலியா நோயில், குறுக்கே தாண்டும் இழைகள்தான் முதலில் அறுபடும். அந்த நோயாளிக்குக் கையில் சட்டை உரசுவது தெரியும், கொதிக்கும் பாத்திரம் சுடுவது தெரியாது. விரலில் புண் இருக்கும், எப்போது சுட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புறணியில் 'வலி மையம்' என்று ஓரிடம் இல்லை. எங்கே, எவ்வளவு என்பதைப் பார்ப்பது உடலுணர்வுப் புறணி. காலுக்கான இடம் இரு அரைக்கோளங்களும் ஒட்டும் பிளவின் உட்சுவரில் இருக்கிறது. நம் சுண்டுவிரல் இடதாக இருந்தால் செய்தி போவது வலது அரைக்கோளத்துக்கு. ஐயோ, தாங்கவில்லையே என்ற பகுதியை இன்சுலாவும் முன் சிங்குலேட் பகுதியும் பார்த்துக்கொள்கின்றன. சிங்குலேட்டில் அறுவை செய்துகொண்டவர்களில் சிலர், 'வலி இருக்கிறது, ஆனால் அது என்னை ஒன்றும் செய்வதில்லை' என்கிற பொருளில் பேசுவார்கள். இரண்டும் பிரியக்கூடியவை என்று அதில்தான் தெரிகிறது.

கபடி ஆடும்போது முழங்கால் கிழிந்தது தெரியவே இல்லை, வீட்டுக்கு வந்ததும்தான் வலித்தது. அப்போது கதவைச் சாத்தியது யார்?

மூளையே. கதவுக்குக் கீழிருந்து ஒரு கை, மேலிருந்து ஒரு கை.

நடுமூளையில் ஒரு மெல்லிய நீர்க்குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத் திசு இருக்கிறது. அங்கிருந்து கட்டளை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு இறங்கி, முகுளத்திலிருந்து பின்கொம்புக்கு வந்து, வலியைத் தடுக்கிறது. 1969இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலிகளின் இந்த இடத்தில் மின்சாரம் விட்டு, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றைத் திறந்து அறுவை செய்து காட்டினார். இந்தப் பாதையில் உடலே அபின் போன்ற பொருளைப் பயன்படுத்துகிறது என்பது, 1975இல் எங்கெஃபாலின்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது தெரிந்தது. மார்ஃபின் சாவி மாதிரிப் பொருந்தும் பூட்டுகளில்தான் இவையும் பொருந்துகின்றன.

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் பார்த்தது இதுதான். பலத்த காயம் பட்ட வீரர்களில் பெரும்பகுதியினர் வலி மருந்து வேண்டாம் என்றார்கள்.

அம்மாயியின் 'ஒண்ணுமில்லடா'வும் இந்தக் கைதான். 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. வெறும் உப்புநீர் ஊசியை மருந்து என்று நம்பி வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகைப் பொருள்களைத் தடுக்கும் நலாக்சோனைப் போட்டதும் வலி கூடிவிட்டது. ஆறுதல் வார்த்தைக்கும் வேதிப்பொருள் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது. அதே பாதை கதவைத் திறக்கவும் செய்யும். அச்சத்தோடு ஊசிக்குக் காத்திருப்பவருக்கு ஊசி அதிகம் வலிக்கும்.

அக்கி வந்து ஆறிவிட்டது, தோலில் ஒன்றுமே இல்லை. ஆனால் ரவிக்கை பட்டாலே துடிக்கிறார்கள். ஏன்?

எங்கள் பெரியம்மாவுக்கு இதே கதைதான். விலாவில் கொப்புளங்கள் போய் மூன்று மாதம் ஆகியும் மின்விசிறிக் காற்றுக்குக்கூடப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'எல்லாம் மனசுதான்' என்று ஒருவர் அவரிடம் சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அங்கே கெட்டிருப்பது தோல் இல்லை, நரம்பும் அதன் கதவும். காயப்பட்ட சி இழைகள் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தால், பின்கொம்பு நியூரான் ஒவ்வொரு தட்டுக்கும் முந்தினதைவிடப் பெரிதாகப் பதில் சொல்லத் தொடங்கும். பல்குச்சியின் முனையால் ஒரே இடத்தில் நொடிக்கு ஒரு முறை என்று பத்து முறை சம அழுத்தத்தில் குத்திப்பாருங்கள், தோல் கிழியாமல். நல்ல நரம்பு உள்ளவருக்கே கடைசிக் குத்து முதல் குத்தைவிடச் சற்று அதிகமாகத் தெரியும். நோயில் இது பல மடங்காகி அப்படியே நின்றுவிடுகிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. காபா வேலை செய்ய, நியூரானுக்குள் குளோரைடு அயனி குறைவாக இருக்க வேண்டும். அதை வெளியேற்றும் பம்பு நரம்புக் காயத்துக்குப் பிறகு தளர்ந்துபோவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். உள்ளே குளோரைடு தேங்கினால் காபாவின் தடுப்பு வலுவிழக்கும், சிலவேளை தூண்டலாகவே மாறிவிடும். அப்போது ஏ-பீட்டா கொண்டுவரும் சாதாரணத் தொடுகையும் வலிப் பாதையில் ஏறிவிடுகிறது. தேய்த்தால் குறைய வேண்டியது தேய்த்தால் கூடுகிறது.

மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பஞ்சைத் திரியாக்கி நல்ல பக்கத்தில் ஒரு முறை, வலிக்கும் பக்கத்தில் ஒரு முறை இலேசாக இழுப்பார். பஞ்சு வலித்தால் விஷயம் இங்கேதான். இப்யூபுரூஃபென் இதற்குப் பெரிதாக உதவாது. வலியிழையின் முனை சுரப்பதைக் குறைக்கும் கேபாபென்டின், மேலிருந்து வரும் கையை வலுப்படுத்தும் அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் கொடுப்பார்கள். பெரியம்மாவுக்குப் பாதி குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஒரேயடியாக வலியே தெரியாமல் இருந்தால் நிம்மதிதானே?

பாகிஸ்தானின் வடபகுதியில் சில குடும்பங்களில் அப்படிப் பிறந்தவர்களைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வலியிழையில் துடிப்பு கிளம்ப உதவும் ஒரே ஒரு சோடியம் வாயில் அவர்களுக்கு வேலை செய்யவில்லை, தொடுகை, சூடு, குளிர் போன்ற உணர்வுகள் சரியாக இருந்தன. ஆய்வுக்குக் காரணமான சிறுவன் தெருவில் கையில் கத்தியைக் குத்திக்காட்டிச் சம்பாதித்தவன். பதினான்கு வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்றுவிடுவதில்லை என்று கண்டறிந்தார். நரம்பு செத்ததால் சூடும் வெட்டும் தெரியாமல் அவர்களே சிறுகச் சிறுக இழந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லை. காவல் இருந்து பார்த்ததில், தூங்குகிறவரின் கையை எலி கடித்துக்கொண்டிருந்தது, அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.